அறுபதா, தொண்ணூறா? வைவாவில் வரும் இரண்டாவது கேள்வி

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாளில் சட்டக் கல்லூரி வராண்டாவில் நின்றால் இரண்டு அறிவுரைகள் காதில் விழும். ஒன்று, "தெரியலைன்னா தெரியலை சார்னு சொல்லிடு, எக்ஸ்டர்னலுக்கு நேர்மை பிடிக்கும்." இன்னொன்று, "வாயை மட்டும் மூடிராத. எதையாவது பேசிக்கிட்டே இரு, அவரே சலிச்சுப்போய் அடுத்த கேள்விக்குப் போயிருவார்." எக்ஸ்டர்னல் என்பது கேள்வி கேட்க வெளியிலிருந்து வரும் தேர்வாளர். இரண்டுமே சீனியர்கள் அன்போடு சொல்வதுதான். இரண்டும் ஒரே இடத்தில் தவறுகின்றன. விடை ஒன்று முழுதாகத் தெரியும், அல்லது முழுதாகத் தெரியாது என்று இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. சட்டக் கேள்வி, அதிலும் முதல் விடையிலிருந்து முளைக்கும் இரண்டாவது கேள்வி, அப்படி வருவதே இல்லை. பிரிவு தெரியும், கொள்கை தெரியும், ஒரு தீர்ப்பின் பெயரும் தெரியும், ஆனால் கேட்ட சூழ்நிலைக்கு அது பொருந்துமா என்பது மட்டும் தெரியாது. "தெரியலை சார்" என்பவர் தெரிந்த பங்கையும் சேர்த்துக் கீழே போடுகிறார். பேசிக்கொண்டே போகிறவர் அதே பங்கைக் குப்பைக்குள் புதைக்கிறார். எதிரில் இருப்பவர் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் போடுவார்.

வைவாவின் அளவு என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி மூட் கோர்ட், இன்டர்ன்ஷிப் தாளில் மூட் கோர்ட்டுக்கு 30, வழக்கு விசாரணையைக் கவனித்து எழுதும் குறிப்புக்கு 30, கட்சிக்காரர் நேர்காணல், வழக்குக்கு முந்தைய தயாரிப்பு, இன்டர்ன்ஷிப் டைரி எல்லாம் சேர்த்து 30. மிச்சம் 10 வைவாவுக்கு. அந்தப் பத்தும் மேலே சொன்ன மூன்றைப் பற்றியே இருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. ஆக, முதல் கேள்வி உங்கள் ரெக்கார்டிலிருந்து வரும். இரண்டாவது கேள்வி உங்கள் முதல் விடையிலிருந்து வரும். இரண்டுக்கும் ஊற்று உங்கள் கையெழுத்தும் உங்கள் வாயும்தான். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே எழுதியவர்கள் இரண்டாவது கேள்வியில் விழுவதற்குக் காரணம் இதுதான். சம்பவத் தேதி 2025 என்று இருக்கும், பிரிவு மட்டும் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற பி.என்.எஸ். வந்துவிட்டது, குற்றவியல் நடைமுறைக்கு பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. "இந்தப் பிரிவை ஏன் எழுதினே?" என்று கேட்டால் பதில் இருக்காது.

ஒரு ரெக்கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுவோம். மதுரையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்த மாணவி ஒருத்தியின் டைரி என்று வைத்துக்கொள்வோம். திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் ராத்திரியில் பூட்டை உடைத்துத் திருட்டு. பி.என்.எஸ். 331(4), 305. பிடிபட்டவரை 2025 மார்ச் 10 அன்று நடுவர் ரிமாண்ட் செய்கிறார். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை. அலுவலகத்தில் டிஃபால்ட் பெயில் மனு தயாரானதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறாள். நல்ல பதிவு. வைவாவில் எக்ஸ்டர்னல் விரலை வைப்பதும் இந்தப் பக்கத்தில்தான்.

முதல் கேள்வி எளியது. "டிஃபால்ட் பெயில்னா என்னம்மா?" குறித்த நாளுக்குள் புலனாய்வை முடித்துக் குற்றப்பத்திரிகை வைக்காவிட்டால், அதற்கு மேல் ஒருவரைக் காவலில் வைக்க நடுவருக்கு அதிகாரம் கிடையாது, பிணை கொடுக்க அவர் தயாராக இருந்தால் விட்டாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2), இப்போது பி.என்.எஸ்.எஸ். 187(3). கடுமையான குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அவள் இவ்வளவும் சொல்லி, கூடவே ஒரு தீர்ப்பையும் சொல்கிறாள்: காசி எதிர் அரசு, 2020. மதுரை மாணவர்களுக்கு நம்மூர் வழக்கு அது. சமயநல்லூர் காவல் நிலையத்து வழக்கு ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளை வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. கொரோனா காலத்தில் வழக்குத் தாக்கலுக்கான காலக்கெடுவை உச்ச நீதிமன்றம் நீட்டித்திருந்தது. அந்த நீட்டிப்பு போலீஸின் குற்றப்பத்திரிகைக்கும் பொருந்துமா என்பது பிரச்சினை. பொருந்தாது என்று 2020 ஜூன் 19 அன்று தீர்ப்பு வந்தது. 73 நாள் உள்ளே இருந்தவருக்கு டிஃபால்ட் பெயில் கிடைத்தது.

இதுவரை மனப்பாடம் போதும். இனிமேல் போதாது.

"நிச்சயமா?" என்பதை எப்படிக் காதில் வாங்குவது

"அந்த காசி கேஸ்ல ஐ.பி.சி. 457 இருந்துச்சே. திருடுற நோக்கத்தோட ராத்திரி வீடு புகுந்தா 14 வருஷம் வரைக்கும் தண்டனை. அப்ப 90 நாள்தானே வரணும்? நீ 60ங்கிறே?"

வைவாவில் நிறையப் பேர் தடுக்கி விழும் படி இது. கேட்பவரின் குரலில் ஒரு ஐயம் தெரிந்ததும், "ஆமா சார், 90தான் சார்" என்று சரியான விடையை மாற்றிவிடுகிறார்கள். கேட்டவருக்கு அங்கேயே விஷயம் முடிந்துவிடும். அடுத்த கேள்வி கேட்க மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். மாணவர் வெளியே வந்து "சார் ஓகேன்னுட்டார்டா" என்பார்.

இரண்டாவது கேள்வி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதற்குள் புதிதாக ஒரு தகவல் இருக்கிறதா என்று பார்ப்பது. "அப்படியா?", "நிச்சயமா?", "யோசிச்சுச் சொல்லு" என்பதில் புதுத் தகவல் எதுவும் இல்லை. அது விடையைக் கேட்கவில்லை, காரணத்தைக் கேட்கிறது. அதற்குப் பதில், முன்பு சொன்னதை மாற்றாமல் காரணத்தைச் சேர்ப்பது. "ஆமாம் சார், 60. ஏன்னா..." என்று தொடங்கினால் போதும். காரணத்தைச் சொல்லும்போதே அது தவறு என்று உங்களுக்கே உறைத்தால், அப்போது மாற்றுங்கள், எதனால் மாற்றுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எதிரே இருப்பவரின் புருவத்தைப் பார்த்து மாற்றக் கூடாது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர் புருவத்தைத் தூக்கினால் வாதத்தை மாற்றிக்கொள்பவரிடம் யார் வக்காலத்து கொடுப்பார்கள்?

மேலே வந்த கேள்வியில் புதுத் தகவல் இருக்கிறது. 14 ஆண்டு என்கிற எண் அது. எனவே இங்கே வெறும் காரணம் போதாது, அந்த எண் ஏன் கணக்கை மாற்றவில்லை என்று காட்ட வேண்டும். மாணவிக்கு இது தெரிந்திருக்க வழி உண்டு. ராகேஷ் குமார் பால் எதிர் அசாம் அரசு, 2017. பழைய 167(2)இல் 90 நாளுக்கு மூன்று வகைக் குற்றங்கள் சொல்லப்பட்டிருந்தன: மரண தண்டனை விதிக்கக்கூடியது, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடியது, பத்து ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை விதிக்கக்கூடியது. இந்த மூன்றாவது வகை குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டாக இருக்கும் குற்றங்களைத்தான் குறிக்கும் என்று மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் உடன்படவில்லை. 457இல் "14 ஆண்டு வரை" என்று உச்சவரம்புதான் இருக்கிறது. கீழ்வரம்பு இல்லை. நீதிமன்றம் ஆறு மாதம் கொடுத்தாலும் சட்டப்படி சரிதான். ஆகவே மூன்றாவது வகைக்குள் அது வராது, 60 நாள்தான்.

இதைச் சொல்லும்போது கீழ்வரம்பு, உச்சவரம்பு என்ற வேறுபாட்டை முதல் வாக்கியத்திலேயே வைத்துவிட வேண்டும். "சார், 14ங்கிறது உச்சவரம்பு. 90 நாளைத் தீர்மானிக்கிறது பத்து வருஷக் கீழ்வரம்பு." வழக்கின் பெயர் அடுத்து வரட்டும். வழக்கின் பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கொள்கையை நினைவில் தேடுபவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். கொள்கையை முதலில் சொன்னவருக்கு வழக்கின் பெயர் மறந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கேட்பவரே எடுத்துக் கொடுப்பார்.

எல்லை வரும் இடம்

அடுத்ததுதான் உண்மையான கேள்வி. எக்ஸ்டர்னல் டைரியைத் திருப்பி வைக்கிறார்.

"சரிம்மா. அது பழைய சட்டம். உன் ரெக்கார்டுல இருக்கிறது 331(4). 187(3)ல வாசகத்தையே மாத்திட்டாங்களே. இப்பவும் 60தானா?"

இந்த இடத்தில் மாணவிக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாதது இயல்பு. பழைய சட்டத்தில் "பத்து ஆண்டுக்குக் குறையாத" என்று இருந்தது, புதிய சட்டத்தில் "பத்து ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட" என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா, இல்லை நாடாளுமன்றம் வேண்டுமென்றே மாற்றியதா? பி.என்.எஸ். 331(4)இலும் திருட்டு நோக்கம் இருந்தால் 14 ஆண்டு வரை என்றே இருக்கிறது. கீழ்வரம்பு இங்கேயும் இல்லை. ஆக, விடை முழுக்க அந்தச் சில சொற்களை எப்படி வாசிக்கிறோம் என்பதில் நிற்கிறது.

இங்கே மோசமான விடைகள் இரண்டு விதம். முதலாவது மேகம். "சார், டிஃபால்ட் பெயில் வந்து ஆர்ட்டிகிள் 21ல வர்ற அடிப்படை உரிமை சார், தனிமனித சுதந்திரம் ரொம்ப முக்கியம் சார்..." சொன்னது பொய்யில்லை. 21வது உறுப்போடு இந்த உரிமையை உச்ச நீதிமன்றம் இணைத்துத்தான் பேசியிருக்கிறது. ஆனால் கேள்வி அது இல்லை. 60ஆ 90ஆ என்று கேட்டால் விடையில் ஓர் எண் இருக்க வேண்டும். எண் இல்லாத விடை எவ்வளவு நீளமாக இருந்தாலும் மௌனம்தான். இரண்டாவது விதம் இதைவிட ஆபத்து: இல்லாத தீர்ப்பு ஒன்றைச் சொல்வது. "சார், 2024ல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லிருச்சு சார்." அடுத்த நொடியே "எந்த பெஞ்ச்? யார் யாருக்கு நடந்த கேஸ்?" என்று வரும். அங்கே பிடிபட்டால் இந்தக் கேள்வியின் மதிப்பெண்ணோடு போகாது. அதுவரை சரியாகச் சொன்ன காசி வழக்கும் ராகேஷ் குமார் பாலும்கூட சந்தேகத்துக்குள் வந்துவிடும். வழக்கறிஞர் தொழிலில் இல்லாத தீர்ப்பை நீதிமன்றத்தில் சொல்வது ஒழுங்கு நடவடிக்கை வரை போகக்கூடிய விஷயம். தொழில் நெறி பாடத்தை நடத்திய ஆசிரியரே இன்டர்னல் எக்ஸாமினராக மேசையில் இருந்தால் இன்னும் சங்கடம்.

இனி, சொல்லத்தக்க விடை. முழுதாகவே எழுதுகிறேன்:

"சார், புது வாசகத்துக்கு உச்ச நீதிமன்றம் பொருள் சொல்லியிருக்கான்னு எனக்கு உறுதியாத் தெரியாது. வாசகத்தை வச்சுப் பார்த்தா 60 நாள்தான்னு நினைக்கிறேன். பழைய சட்டத்துல 'பத்து வருஷத்துக்குக் குறையாத'ன்னு இருந்துச்சு, இப்ப 'பத்து வருஷம் அல்லது அதுக்கு மேல'ன்னு இருக்கு. ரெண்டுமே பத்துல ஆரம்பிச்சு மேல போற அளவு. 331(4)ல தண்டனை பத்துல ஆரம்பிக்கலை, ஒரு வருஷமும் கொடுக்கலாம். எதிர்த்தரப்பு, 14 வருஷம் கொடுக்க முடியுற குற்றம் பத்துக்கு மேற்பட்டதுதானேன்னு வாதாடலாம். ஆனா ரெண்டு அர்த்தம் வர்ற இடத்துல காவலை நீட்டிக்கிற அர்த்தத்தை எடுக்கக் கூடாது சார்."

அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஆகும். இந்த விடையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். தெரியாதது எது என்பது முதல் வாக்கியத்தில், ஒரே ஒருமுறை, அளவோடு வருகிறது. "எனக்குத் தெரியாது" என்று மொத்தமாகச் சொல்லவில்லை. தெரியாதது ஒரே ஒரு பொருள்தான், புது வாசகத்தின் மீது தீர்ப்பு உண்டா என்பது. அதைத் தாண்டி மற்ற எல்லாம் தெரியும் என்பது அதிலேயே தொக்கி நிற்கிறது. அடுத்த வாக்கியத்தில் எண் வந்துவிடுகிறது. பிறகு சட்டத்தின் சொற்கள் அப்படியே வருகின்றன. சொந்த வார்த்தையில் சுற்றி வளைக்கவில்லை. அதன்பின் எதிர் வாதத்தை அவளே எடுத்து வைக்கிறாள். இது முக்கியம். எதிர் வாதத்தை நீங்கள் சொல்லாவிட்டால் அதையே மூன்றாவது கேள்வியாக அவர் கேட்பார், நீங்கள் மாட்டிக்கொண்டது போல் தோன்றும். நீங்களே சொன்னால் யோசித்தது போல் தோன்றும், உண்மையிலும் யோசித்திருப்பீர்கள். கடைசியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு விதி. சந்தேகம் வந்தால் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் பொருள் கொள்வது டிஃபால்ட் பெயில் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று. எம். ரவீந்திரன் வழக்கில், 2020இல், அதை மீண்டும் சொன்னது.

"உறுதியாத் தெரியாது" என்பதை எங்கே வைப்பது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கடைசியில் வைத்தால் அதுவரை சொன்ன எல்லாவற்றையும் அது கரைத்துவிடுகிறது. "60ன்னு நினைக்கிறேன் சார்... ஆனா சரியாத் தெரியலை சார்" என்று முடிக்கும்போது கேட்பவர் காதில் எஞ்சுவது பின்பாதி. முதலில் வைத்தால், அதற்குப் பின் வருவது ஆராய்ச்சியாகக் கேட்கும். இன்னொன்று, "நினைக்கிறேன்" ஒருமுறை போதும். மூன்று வாக்கியத்தில் நான்கு "நினைக்கிறேன்" வந்தால் சரியான விடைகூட ஊகம் போல் ஒலிக்கும்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ்டர்னல் தமிழில் கேட்கும்போது மாணவர் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முயன்று, நடுவில் வினைச்சொல் கிடைக்காமல் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. ஆங்கிலத்தில் சொன்னால் மதிப்பு கூடும் என்ற நினைப்புதான். கேட்ட மொழியிலேயே சொல்லுங்கள். சட்டப் பிரிவின் வாசகத்தை எந்த மொழியில் படித்தீர்களோ அந்த மொழியில் அப்படியே சொல்லிவிட்டு, காரணத்தை வாயில் சரளமாக வரும் தமிழில் சொல்லலாம். நம்மூர் நடுவர் நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் பேசுவதும் இப்படித்தான்.

"அப்ப என்ன செய்வே?"

எக்ஸ்டர்னல் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞராக இருந்தால் அவர் இத்துடன் விடமாட்டார். "சரி, 60ஆ 90ஆன்னு உறுதியாத் தெரியலை. ஆனா கட்சிக்காரன் ஜெயில்ல இருக்கான். நீ என்ன பண்ணுவே?" இது எளிமையான கேள்வி, ஆனால் நிறையப் பேர் இதற்கும் தீர்ப்பைத் தேடுகிறார்கள். கேட்டது செயலை. விடை: 61ஆவது நாளே மனுவைப் போட வேண்டும். 60 என்ற வாசிப்பு சரியென்றால் அன்றே உரிமை வந்துவிட்டது. தவறென்று நடுவர் தள்ளுபடி செய்தால், மேலே போகலாம், குற்றப்பத்திரிகை வராவிட்டால் 91ஆவது நாள் மறுபடியும் போடலாம். முதல் மனுவால் நஷ்டம் இல்லை. மாறாக, 90 என்று நினைத்துக் காத்திருந்து 75ஆவது நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், கேட்காமல் விட்ட உரிமை போய்விடும். அதன்பின் சாதாரணப் பிணை மனுதான், அங்கே குற்றத்தின் தன்மை எல்லாம் பேசப்படும். சட்டம் உறுதியில்லாத இடத்தில் எந்தப் பக்கம் தவறினால் சேதம் குறைவு என்று பார்ப்பது வைவாவுக்காகக் கண்டுபிடித்த உத்தி இல்லை. அலுவலகத்தில் தினமும் நடப்பது.

61ஆவது நாள் எது என்று அவர் கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார். ரெக்கார்டில் தேதி இருக்கிறதே. கைது நாளிலிருந்து எண்ணக் கூடாது, நடுவர் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்த ரிமாண்ட் நாளைச் சேர்க்க வேண்டுமா, விட வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் இரு பக்கமும் இருந்தன. அமலாக்கத் துறை எதிர் கபில் வாதவான் வழக்கில் 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு, சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் டைரிக் கணக்கில், மார்ச் 10 முதல் நாள். மார்ச் 31 வரை 22. ஏப்ரல் முடிய 52. மே 8 அறுபதாவது நாள். மே 9 அன்று மனு. ரிமாண்ட் நாளை விட்டு எண்ணியவருக்கு மே 9 தான் அறுபதாவது நாள், அவர் மே 10 அன்று வருவார். மே 9 மாலையில் போலீஸ் குற்றப்பத்திரிகையை வைத்துவிட்டால் அவருடைய கட்சிக்காரர் உள்ளேதான்.

இந்தக் கணக்கை வாயால் போட வராது. காகிதம் கேளுங்கள். "சார், ஒரு நிமிஷம், எழுதிப் பார்த்துச் சொல்றேன்" என்று கேட்டு யாருக்கும் மதிப்பெண் குறைந்ததில்லை. மாதம் மாதமாகக் கூட்டி, கடைசித் தேதியை மட்டும் சொல்லாமல் கூட்டிய வழியையும் சொன்னால், ஒரு நாள் பிசகினாலும் எங்கே பிசகியது என்று அவருக்குத் தெரியும். ரிமாண்ட் நாளைச் சேர்ப்பதா என்பது உறுதியில்லை என்றால், இங்கேயும் அதே முறைதான்: "ரிமாண்ட் நாளைச் சேர்த்தா மே 9, விட்டா மே 10. எது சரின்னு உறுதி இல்லைன்னா மே 9 காலையிலயே போடுவேன். முந்திட்டேன்னு சொன்னா மறுநாள் திரும்பப் போடலாம்."

காலையில் என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. ரவீந்திரன் வழக்கு போதைப்பொருள் சட்டத்தில் 180 நாள் கணக்கு. 181ஆவது நாள் காலை 10.30க்கு மனு தாக்கல் ஆனது. அதே நாள் மாலை 4.25க்குத்தான் வருவாய்ப் புலனாய்வுத் துறை, குற்றப்பத்திரிகையின் இடத்தில் வரும் தன் புகாரை வைத்தது. மனு முதலில் வந்ததால் உரிமை நிலைத்தது. அன்றைக்கே புகாரை வைத்து அந்த உரிமையை அழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் ரெக்கார்டில் டிஃபால்ட் பெயில் மனுவை எழுதும்போது தேதிக்குப் பக்கத்தில் தாக்கல் செய்த நேரத்தையும் எழுதி வைத்தால், "நேரம் எதுக்கும்மா எழுதியிருக்கே?" என்ற கேள்வியை நீங்களே வரவழைக்கலாம். விடை தெரிந்த கேள்வியை வரவழைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

உண்மையிலேயே தெரியாதபோது

இவ்வளவும் பாதி தெரிந்த கேள்விக்கு. துளியும் தெரியாத கேள்வியும் வரும். காசி வழக்கைச் சொன்னவரிடம் அதன் முன்கதையையும் கேட்பார்கள். அது உச்ச நீதிமன்றம் போவதற்கு முன் மதுரைக் கிளையிலேயே ஒரு தனி நீதிபதி 2020 மே 8 அன்று ஒரு வழக்கில் டிஃபால்ட் பெயில் உண்டு என்றார். மூன்று நாள் கழித்து இன்னொரு தனி நீதிபதி காசி வழக்கில் இல்லை என்றார். "ஒரே கோர்ட்டுல ஒரு ஜட்ஜ் சொன்னதுக்கு மாறா இன்னொரு ஜட்ஜ் சொல்லலாமா?" உடன்படாத தனி நீதிபதி, முன் தீர்ப்பை ஒதுக்கிவிட்டுத் தன் முடிவை எழுதக் கூடாது, பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும் என்பது விடை. உச்ச நீதிமன்றம் காசி தீர்ப்பில் அதையும் சுட்டிக்காட்டியது. இது தெரியாவிட்டால் ஒரே வாக்கியம்: "அந்தப் பகுதியை நான் படிக்கலை சார்." அத்தோடு வாயை மூடிவிட வேண்டும். மன்னிப்பு வேண்டாம், "நேத்துதான் சார் பார்த்தேன், மறந்துருச்சு" வேண்டாம். இங்கே மட்டும் வராண்டாவின் முதல் அறிவுரை சரி.

ஆனால் அந்த வாக்கியத்துக்கு முன் ஒரு நொடி நிற்கலாம். தீர்ப்பு தெரியாவிட்டாலும், சமமான அமர்வின் முன்தீர்ப்பை மதிக்க வேண்டும் என்பது முதலாண்டிலேயே படித்ததுதான். "தீர்ப்புல என்ன சொன்னாங்கன்னு தெரியாது சார், ஆனா சமமான பெஞ்ச்னா பெரிய பெஞ்சுக்கு அனுப்பியிருக்கணும்" என்று சொல்ல முடிந்தால் அது பாதி தெரிந்த கேள்வியாக மாறிவிடுகிறது. தேடிப் பார்த்தும் கைக்கு எதுவும் அகப்படவில்லை என்றால்தான் அந்த ஒற்றை வாக்கியம்.

எக்ஸ்டர்னல் உங்கள் விடை தவறு என்று நேராகச் சொல்லிவிட்டால்? 331(4)க்கு 90 நாள்தான் என்று அவர் உறுதியாக நம்பலாம். அந்த வாசிப்புக்கும் ஆள் உண்டு. ராகேஷ் குமார் பால் தீர்ப்பிலேயே ஒரு நீதிபதி அந்தப் பக்கம் நின்றார் என்பதை மறக்க வேண்டாம். அவரோடு சண்டை போடவும் வேண்டாம், உடனே சரணடையவும் வேண்டாம். "சரி சார், அந்த வாசிப்புல 331(4) 90க்குப் போகும், மனு ஜூன் 8ல" என்று அவருடைய சட்டத்தில் உங்கள் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். மார்ச் 10 முதல் எண்ணினால் மே 31 வரை 83, ஜூன் 7 தொண்ணூறாவது நாள். 2025 ஜூன் 8 ஞாயிற்றுக்கிழமை. அதைக் கவனித்துவிட்டால், "ஞாயித்துக்கிழமை மனுவை யார்ட்டம்மா கொடுப்பே?" என்று அடுத்த கேள்வி கிளம்பும்.